ரீலுக்கு எவ்வளவு, முகத்துக்கு எவ்வளவு?

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின்னில் ஒரு பெண்ணின் முகத்தை ஸ்டிக்கராக அடித்து ஒட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விருதுநகர் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மரச்செக்கு இருக்கிறது. செக்கை மச்சான் பார்த்துக்கொள்கிறார். ஆர்டர், பார்சல், இன்ஸ்டாகிராம் எல்லாம் என் தலையில். அந்த வருடம் சமையல் ரீல் போடும் ஒருவரிடம் ஒரு ரீல் வாங்கினோம். வாங்கினோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கோளாறும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

எங்களுக்குள் நடந்த ஒப்பந்தம் முழுவதையும் இங்கேயே எழுதிவிடலாம். "வணக்கம் சிஸ்டர், எங்க எண்ணெய்க்கு ஒரு வீடியோ பண்ணித் தருவீங்களா? எவ்ளோ ஆகும்?" என்று நான் கேட்டேன். "6k அண்ணா" என்றார். "ஓகே" என்றேன். இரண்டு லிட்டர் எண்ணெயும் பணமும் அனுப்பினேன். பத்து நாளில் ரீல் வந்தது. நன்றாகவே இருந்தது. இட்லிப் பொடியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றுகிற அந்தக் காட்சியை நானே பத்து தடவை பார்த்திருப்பேன்.

அப்புறம் ஆசை வந்தது. முதலில் ரீலை எங்கள் பக்கத்தில் போட்டேன். பிறகு அதை வைத்தே காசு கட்டி விளம்பரம் ஓட்டப் பார்த்தேன். பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்ததால் இன்ஸ்டாகிராம் விடவில்லை. பாட்டை எடுத்துவிட்டு வேறு ஏதோ ஒரு இசையை ஒட்டி ஓட்டினேன். ஒரு கடைக்காரர் போஸ்டர் கேட்டார். ரீலிலிருந்து ஒரு காட்சியை வெட்டிக் கொடுத்தேன். போஸ்டர் நன்றாக இருக்கிறதே என்று டின்னுக்கு 500 ஸ்டிக்கர் அடித்தேன்.

எட்டு மாதம் கழித்து அவர் திருநெல்வேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அடுப்படியில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அதே வாரம் வேறொரு எண்ணெய்க்காரர், "நீங்க அந்த டின் கம்பெனி ஆளாச்சே" என்று சொல்லி அவரிடம் பேசிக்கொண்டிருந்த வேலையைக் கைவிட்டிருக்கிறார். போன் வந்தது.

"அண்ணா, என் மூஞ்சிய டின்ல ஒட்டியிருக்கீங்க. என்கிட்ட கேட்டீங்களா?"

"காசு கொடுத்துட்டோமே சிஸ்டர்."

"வீடியோவுக்குக் கொடுத்தீங்க. மூஞ்சிக்கா கொடுத்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு, ஒரு தொகையும் கொடுத்து, மிச்சம் இருந்த டின்களில் ஸ்டிக்கரைச் சுரண்டினோம். வெந்நீரில் ஊறவைத்தாலும் அந்தப் பசை போகாது, மண்ணெண்ணெய்தான் வேண்டும். எண்ணெய் டின்னில் மண்ணெண்ணெய் வாடை வந்துவிடக் கூடாதே என்று அந்த டின்களையே கழித்துவிட்டோம்.

எங்கள் ஊரில் நிலம் பற்றிப் பேசும்போது யாரும் கிரயத்தையும் குத்தகையையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கிரயம் என்றால் நிலம் கைமாறிவிட்டது. குத்தகை என்றால் இத்தனை போகத்துக்கு, இன்ன பயிருக்கு, இவ்வளவு என்று பேச்சு. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கிணறு வெட்டினால் ஊர் கூடிவிடும். ரீல் விஷயத்தில் நான் செய்தது அதுதான். ஒரு போகம் பயிர் வைக்கக் காசு கொடுத்துவிட்டுக் கிணறு வெட்டியிருக்கிறேன். ரீல் எடுத்துத் தருவதற்கு ஒரு கூலி. அந்த ரீலை நான் எங்கே, எத்தனை நாள் பயன்படுத்துகிறேன் என்பதற்கு ஒரு வாடகை. இரண்டும் வேறு வேறு கணக்கு. முதல் கடிதத்திலேயே இரண்டையும் பிரித்து எழுதிவிட்டால், பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை வரவே வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். எனக்குச் சாதகமாக இருக்கும் என்ற நப்பாசைதான். பாதி இருந்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், ஒருவர் பணம் கொடுத்து, தன் கோரிக்கையின் பேரில் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. வீடியோவும் இதில் படம்தான். அப்படியானால் ரீல் என்னுடையது என்று நான் வாதாடலாம். தன் பக்கத்துக்காகத் தானே யோசித்து எடுத்தது என்று அவர் வாதாடலாம். வக்கீல்களுக்கு நல்ல வேலை. ஆனால் ரீலின் உரிமை யாரிடம் இருந்தாலும், ஒருவருடைய முகத்தைப் பொருளின் மேல் ஒட்டி விற்பது தனிக் கேள்வி. அதற்குத் தனியாக அனுமதி வேண்டும் என்றார் நண்பர்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். 19-ஆம் பிரிவின்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முழுதாக எழுதிக் கொடுக்காமல் பயன்படுத்த மட்டும் அனுமதி தரும் உரிமத்துக்கும் இந்த விதிகள் பொருந்தும். "வீடியோவை நீங்க யூஸ் பண்ணிக்கலாம்" என்று நாள் குறிப்பிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது ஐந்து வருட அனுமதியாக நிற்கக் கூடும் என்று அர்த்தம். 6,000 ரூபாய்க்கு ஐந்து வருடம்! எந்த இன்ஃப்ளூயன்சரும் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார். நானும் அப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டேன்.

சென்ற வருடம் மறுபடி ஒரு ரீல் தேவைப்பட்டது. இந்த முறை வேறொருவர். மதுரையிலிருந்து மண்சட்டிச் சமையல் போடுபவர், 38,000 ஃபாலோயர்கள். பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை இருப்பவர்களைத்தான் பொதுவாக மைக்ரோ இன்ஃப்ளூயன்சர் என்கிறார்கள். கடிதம் எழுதும் முன் அவரிடம் இரண்டே ஸ்கிரீன்ஷாட் கேட்டேன்.

ஒன்று, கடைசிப் பன்னிரண்டு ரீல்களின் வியூஸ். அதில் ஒரு ரீல் 4.2 லட்சம் போயிருந்தது. அதைப் பார்த்து விலை பேசினால் ஏமாந்துபோவோம். பன்னிரண்டையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 19,000. நம் ரீலுக்கும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வதே நியாயம். இரண்டாவது, பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று காட்டும் பக்கம். தமிழ்ச் சமையல் பக்கங்களுக்கு மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பக்கத்துக்கு அது பெருமை. எண்ணெய் டின்னை அங்கெல்லாம் பார்சல் அனுப்ப முடியாத எனக்கு அதில் பயன் இல்லை. அவருக்கு எழுபது சதவீதம் போல இந்தியாவுக்குள் இருந்தது. சரி என்று பட்டது.

பிறகு என் பக்கத்துக் கணக்கு. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் ஆடுகிறது, கருப்பட்டி தனி. பிண்ணாக்கு விற்ற காசைச் சேர்த்து, பாட்டில், பார்சல், கூப்பன் தள்ளுபடி எல்லாம் போக எனக்கு லிட்டருக்கு 70 ரூபாய் நிற்கிறது. 12,000 ரூபாய் கொடுத்தால் 172 லிட்டர் கூடுதலாக விற்றால்தான் போட்டது வரும். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் "உங்க ரேட் என்ன?" என்று கேட்பது, பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் ஜவுளிக்கடைக்குள் போவது போல. நான் எந்தத் தொகையில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகே கடிதத்தில் உட்கார்ந்தேன்.

கடிதத்தை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

> வணக்கம் மேடம். விருதுநகர் அருகே வாகை மரச்செக்கில் எண்ணெய் ஆட்டும் குடும்பம் நாங்கள். உங்கள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ரீலில் நல்லெண்ணெயைத் தாளிக்க மட்டும் இல்லாமல் கடைசியிலும் ஒரு கரண்டி ஊற்றினீர்கள். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எங்கள் நல்லெண்ணெய்க்கு உங்களுடன் ஒரு விளம்பர ரீல் செய்ய விரும்புகிறோம். மூன்று லிட்டர் முதலில் அனுப்புகிறோம். ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள். எண்ணெயைத் திருப்ப வேண்டாம், வேலையும் வேண்டாம்.
>
> நாங்கள் கேட்பது: உங்கள் அடுப்படியில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு குழம்பு, 45 முதல் 60 வினாடி வரை நிற்கும் வாக்கில் ஒரு ரீல். முதல் 10 வினாடிக்குள் எண்ணெய் ஊற்றும் காட்சி வர வேண்டும். பாட்டில் லேபிள் ஒரு தடவையாவது படிக்கும்படி தெரிய வேண்டும். ரீல் வந்த 24 மணி நேரத்துக்குள் லிங்க்குடன் மூன்று ஸ்டோரி. கூப்பன் கோடு முதல் கமெண்டில் பின் செய்து இருக்க வேண்டும். ரீல் உங்கள் பக்கத்தில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும்.
>
> இதற்கான கூலி 12,000 ரூபாய். பாதி, எண்ணெய் பிடித்திருக்கிறது என்று நீங்கள் சொன்ன அன்று. மீதி, ரீல் வந்த ஏழு நாளுக்குள்.

இது முதல் பாதி. "ஒரு ரீல்" என்று மட்டும் எழுதினால் போதாதா என்று மச்சான் கேட்டார். போதாது. முதல் ரீலில் பாட்டில் ஐம்பதாவது வினாடியில்தான் வந்தது. அதற்குள் பார்த்தவர்களில் பாதிப் பேர் அடுத்த ரீலுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். அதற்காக ஒவ்வொரு காட்சியையும் நாம் எழுதிக் கொடுத்தாலும் கெட்டுவிடும். அவர் எழுதிய வசனம் அவர் வாயில் வரும். நாம் எழுதியது தூர்தர்ஷன் அறிவிப்பு போல வரும். அதனால் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத இரண்டை மட்டும் எழுதினேன். குழம்பு எது என்பது அவர் பாடு.

அடுத்த பத்தி, சொல்லக் கூடாதது பற்றி.

> எண்ணெய் பற்றி நீங்கள் சொல்லலாம் என்று நாங்கள் உறுதி தருவது மூன்று: வாகை மரச்செக்கில் ஆட்டியது, கருப்பட்டி சேர்த்தது, வேறு எண்ணெய் கலக்காதது. உடல்நலம் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். கொழுப்பு குறையும், சர்க்கரை குறையும், வாய் கொப்பளித்தால் நோய் போகும் போன்றவை வேண்டவே வேண்டாம். ருசி, மணம் பற்றி உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்.
>
> ரீலின் தொடக்கத்திலிருந்தே "விளம்பரம்" என்று திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராமின் Paid partnership அடையாளமும் போட வேண்டும்.

இந்தப் பத்தியை எழுதியதும் வேலை செய்ய மறுத்துவிடுவாரோ என்று பயந்தேன். "விளம்பரம்னு போட்டா ரீச் போயிடும் அண்ணா" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இது என் விருப்பம் இல்லை. விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலில், 15 வினாடிக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோவில் அந்த அடையாளம் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது திரையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 45 வினாடி ரீலுக்கு 15 வினாடி. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியோ, அந்த அறிவிப்பு வீடியோ பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கிறது. பேச்சு தமிழில் ஓடும்போது ஹாஷ்டாக் கூட்டத்துக்கு நடுவில் `#ad` என்று ஒளித்துவைப்பது போதாது. பணம் கொடுக்காமல் பொருள் மட்டும் கொடுத்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவை பத்து லட்சம் வரை அபராதம் இருக்கிறது. பொருள் தயாரிப்பவருக்கும் உண்டு, அதைப் பரிந்துரைப்பவருக்கும் உண்டு. வாய் கொப்பளித்தால் நோய் போகும் என்று என் ஆச்சி சொல்லலாம். ரீல் போடுபவரும் நானும் காசு வாங்கிக்கொண்டு சொல்லக் கூடாது.

இனி கடிதத்தின் நடுநெஞ்சு. இந்தப் பத்திக்கு மட்டும் இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

> ரீலின் பதிப்புரிமை உங்களுடையது. மேலே சொன்ன கூலிக்குள் எங்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: ரீலை எங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் உங்கள் பெயருடன் பகிர்வது. ரீல் வந்த நாளிலிருந்து ஆறு மாதம்.
>
> காசு கட்டி விளம்பரமாக ஓட்டும் உரிமை இதில் இல்லை. அது தனி: 60 நாள், இந்தியாவுக்குள், இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் மட்டும், 4,500 ரூபாய். இதை இப்போது வாங்கவில்லை. ரீல் வந்த 30 நாளுக்குள் வேண்டும் என்று சொன்னால் இதே விலைக்குத் தர நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். நாங்கள் கேட்காவிட்டால் எங்களுக்கு உரிமையும் இல்லை, உங்களுக்குப் பணமும் இல்லை. வாங்கினால், பணம் கொடுத்த ஏழாம் நாளிலிருந்து 60 நாள் எண்ணப்படும், நாங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.
>
> விளம்பரத்துக்காக ரீலை 15 அல்லது 30 வினாடியாக வெட்டலாம். உங்கள் குரலை மாற்றவோ, நீங்கள் சொல்லாததைச் சேர்க்கவோ மாட்டோம். அதற்கு வசதியாகப் பாட்டும் எழுத்தும் இல்லாத மூல வீடியோவை டிரைவில் தர வேண்டும்.
>
> டின், பாட்டில், போஸ்டர், பேனர், பத்திரிகை, டிவி, கடைக்காரர்களுக்குக் கொடுப்பது எதற்கும் உங்கள் முகமோ பெயரோ பயன்படுத்தப்படாது. என்றைக்காவது தேவைப்பட்டால் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கொடுத்து, எழுதி வாங்கிய பிறகே.

"பாட்டு இல்லாத மூல வீடியோ" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தனி ஆள் பக்கத்தில் சினிமாப் பாட்டு ஓடும். அதையே ஒரு வியாபாரம் விளம்பரமாக ஓட்டப் போனால் அந்தப் பாட்டுக்கு உரிமை கிடையாது. அப்போது அவசரத்துக்கு ஏதோ இசையை ஒட்டினால் நான் முன்பு செய்தது போலத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் நசுங்கிவிடும், அதனால்தான் டிரைவ். உண்மையில் சமையலுக்குப் பாட்டே வேண்டாம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற சத்தத்தைவிட நல்ல பின்னணி இசை எது?

முப்பது நாள் அவகாசம்தான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ரீல் வருவதற்கு முன்பே விளம்பர உரிமைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டால், ரீல் சுமாராக வந்தாலும் போட்ட காசு போச்சே என்று அதையே ஓட்டத் தோன்றும். ரீல் நன்றாக ஓடிய பிறகு போய்க் கேட்டால், அவர் விலையை மூன்று மடங்காகச் சொல்வார். சொல்வது நியாயமும்கூட. முன்பே விலையை எழுதி, முடிவை மட்டும் தள்ளி வைத்தால் இரண்டு பேருக்கும் பாதிப்பு இல்லை. அட்வான்ஸ் கொடுக்காமல் மாட்டுக்கு விலை பேசி வைப்பது போல என்று மச்சான் சொன்னார். மாட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அது வேறு விஷயம்.

கடைசியில் சில்லறைகள். வேறு எந்தச் சமையல் எண்ணெய்க்கும் 30 நாள் விளம்பரம் செய்யாமல் இருக்க 2,000 ரூபாய். ரீலை வெளியிடும் முன் எங்களுக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். இரண்டு வேலைநாளில் நாங்கள் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தகவல் பிழை, "விளம்பரம்" அடையாளம் ஆகியவற்றை அவர் இலவசமாகத் திருத்த வேண்டும். எங்களுக்கு மனம் மாறி மறுபடி எடுக்கச் சொன்னால் 3,000 ரூபாய். அந்த மூவாயிரம் அவரைவிட என்னைத்தான் கட்டுப்படுத்துகிறது. மச்சான் வீடியோவைப் பார்த்துவிட்டு, "புடவை கலர் மாத்தச் சொல்லலாமா?" என்று கேட்டார். மூவாயிரம் என்றதும் அந்தப் புடவையே நல்ல புடவையாகிவிட்டது.

வரி பற்றி அதிகம் எழுதவில்லை. பொருளாகக் கொடுப்பது வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் வரி பிடிக்கும் விதி 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. சின்ன வியாபாரத்துக்கு விலக்கும் இருக்கிறது. மூன்று லிட்டர் எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. போனோ மிக்சியோ கொடுப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். பில்லும் பான் எண்ணும் மட்டும் கேட்டேன்.

நான்கு நாளில் பதில் வந்தது. கடிதத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. கூலி 15,000 வேண்டும், மூன்று ஸ்டோரி என்பது அதிகம், ஆடி மாதம் ஊர்த் திருவிழா இருப்பதால் ரீல் பத்து நாள் தள்ளித்தான் வரும் என்று எழுதியிருந்தார். கடைசியில், "எல்லா எண்ணெய்க்கும்னு போட்டிருக்கீங்க சார். என் தோழி தேங்காய் எண்ணெய் விக்கிறா, அவளுக்கு மாசம் ஒரு வீடியோ போடுவேன். அத நிறுத்த முடியாது."

பழைய மாதிரி ஒரே தொகையாகப் பேசியிருந்தால் அவர் 18,000 சொல்ல, நான் 12,000 சொல்ல, 15,000-இல் இரண்டு பேரும் முகம் சுளித்துக்கொண்டு நின்றிருப்போம். இப்போது பேச வேண்டியது துண்டு துண்டாக இருந்தது. மூன்று ஸ்டோரி ஒன்றானது. கூலி 13,000 ஆனது. "சமையல் எண்ணெய்" என்பதை "நல்லெண்ணெய்" என்று சுருக்கினோம். எனக்கும் அதற்கு மேல் தேவை இல்லை, யோசிக்காமல் எழுதியதுதான். அதனால் 2,000 என்பது 1,000 ஆனது. தேதி அவர் சொன்னது. கூட்டினால் 14,000. பின்னால் வேண்டுமானால் வாங்கக்கூடிய விளம்பர உரிமை 4,500 சேர்த்தால் 18,500. நான் முதலில் எழுதிய தொகைகளைக் கூட்டினாலும் அதே 18,500-தான். சிரிப்பு வந்தது. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டோம். மின்னஞ்சலில் "சம்மதம்" என்றாலே போதும் என்பவர்கள் உண்டு. உரிமை விஷயத்தில் எனக்குக் கையெழுத்து இருந்தால்தான் தூக்கம் வருகிறது.

ரீலில் அவர் செய்தது சுண்டைக்காய் வத்தக்குழம்பு. பத்து நாளில் 23,000 பேர் பார்த்தார்கள், நடுவில் நின்ற அந்த 19,000-க்குப் பக்கத்தில்தான். கூப்பனில் 41 ஆர்டர், 82 லிட்டர். எனக்கு நின்றது 5,740 ரூபாய். 14,000 போட்டு 5,740. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, செக்குப் பக்கம் போய்விட்டார். ஆனால் நான் கமெண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அழகு", "சூப்பர்" என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. "கோவைக்கு வருமா?", "அஞ்சு லிட்டர் எவ்வளவு?" என்று இருபதுக்கு மேல் கேள்விகள் வந்திருந்தன. முதல் ரீலில் அப்படி ஒன்றுகூட இல்லை. சேமித்து வைத்தவர்களும் அதிகம். பார்க்கிறவர்கள் வாங்குகிற ஆட்களாக இருக்கிறார்கள், இன்னும் நிறையப் பேர் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இருபத்திரண்டாம் நாள் 4,500 அனுப்பி உரிமையை வாங்கினேன்.

அவர் தன் பக்கத்தில் அந்த ரீலுக்கு மட்டும் பார்ட்னர்ஷிப் விளம்பரத்துக்கான அனுமதிக் கோடு எடுத்துக் கொடுத்தார். அவருடைய பாஸ்வேர்டு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அதைக் கேட்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள், கொடுக்கவே கூடாது. இப்படி ஓட்டினால் விளம்பரம் அவர் பெயரும் எங்கள் பெயரும் சேர்ந்து வரும். எண்ணெய்க் கடைக்காரன் பேசுவதைவிடச் சட்டி வைத்துச் சமைப்பவர் பேசுவதை மக்கள் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு 300 ரூபாய் வீதம் 60 நாள் கட்டினேன், 18,000. அந்த நாட்களில் கூப்பனில் 400 லிட்டர் போனது, 28,000 ரூபாய். ஆக, போட்டது 36,500, வந்தது 33,740. கொஞ்சம் நஷ்டம். நல்லெண்ணெய் தீர்ந்ததும் கூப்பன் இல்லாமலே திரும்பி வந்தவர்கள் அதை ஈடுகட்டிவிட்டார்கள் என்றுதான் என் கணக்கு. ஆனால் யார் எதனால் வந்தார்கள் என்று செக்குக்காரனால் அடித்துச் சொல்ல முடியாது.

அறுபதாம் நாளுக்குப் போனில் அலாரம் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

"சார், ஆட் இன்னிக்கு ராத்திரியோட முடியுது. ஞாபகம் இருக்கா?"

நிறுத்திவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது.

"தீபாவளி வரைக்கும் நீட்டிக்கணும்னா 6,000 சார். டின்ல போடணும்னா அது வேற ரேட்."

முதல் ரீல் கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. சமையல் பக்கம் நடத்துபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது. நீட்டிப்புக்கு மட்டும் சரி என்று பதில் போட்டேன்.